இரு பாடங்களுக்கிடையில் ஒரு தாலாட்டு மெட்டு

இடைவேளை மணி அடித்துப் பிள்ளைகள் மீண்டும் வகுப்புக்குள் வருகிறார்கள். ஒருவர் தண்ணீர்ப் போத்தலைத் தேடுகிறார். இன்னொருவர் பந்து யாருடையது என்று சண்டை பிடிக்கிறார். ஆசிரியை மேசையில் அடிமட்டத்தால் தட்டுகிறார். சத்தம் சற்றே அடங்கி, மறுபடியும் எழும்புகிறது. பாடம் உண்மையில் தொடங்கும்போது 6 நிமிடங்கள் போய்விடுகின்றன. நாளொன்றுக்கு 6 நிமிடம் என்றால் ஐந்து நாட்களில் 30 நிமிடம். ஒரு பாடவேளையே 40 நிமிடந்தான். இடம்பெயர்ந்து, பள்ளி மாறி, ஏற்கனவே பல மாதப் படிப்பை இழந்த பிள்ளைக்கு இது சிறிய இழப்பல்ல.

இந்த 6 நிமிடத்தை இரண்டரை நிமிடமாகக் குறைக்க, மெதுவாக ஒலிக்கும் பாட்டு உதவக்கூடும். எந்தப் பாட்டு, எவ்வளவு சத்தத்தில், எவ்வளவு நேரம் என்பவற்றை அறிந்து செய்தால்தான் பலன் உண்டு. அறியாமல் செய்தால் இரைச்சல் கூடும். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் பெற்றோரும் இதனை விளங்கிக்கொள்வது நல்லது. ஏனெனில் நல்ல மெட்டு ஒன்று உங்கள் வீட்டிலேயே இருக்கக்கூடும்.

இரைச்சல் ஏன் வளர்கிறது?

தோட்டத்தில் நீரிறைக்கும் இயந்திரம் ஓடும்போது அதனருகே நின்று கதைத்துப் பாருங்கள். யாரும் சொல்லாமலே எமது குரல் உயர்கிறது. இயந்திரத்தை நிறுத்தியதும் குரல் தானாகவே தணிகிறது. எத்தியேன் லொம்பார்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911ஆம் ஆண்டில் இதனை எடுத்துக்காட்டினார். சுற்றியுள்ள சத்தம் கூடினால் மனிதர் அறியாமலே உரத்துப் பேசுவர்.

வகுப்பறையிலும் இதுவே நடக்கிறது. ஒரு வாங்கில் இருப்பவர்கள் கதைக்க, அடுத்த வாங்கில் இருப்பவர்கள் அதற்கு மேலாகக் கதைக்கிறார்கள். ஆசிரியர் அதற்கும் மேலாகக் கத்துகிறார். தகரக் கூரை எல்லாவற்றையும் திருப்பி அனுப்புகிறது. ஆகவே, இரைச்சலை அமுக்குவதற்காகப் பாட்டை உரக்கப் போடுவது எரிகிற அடுப்பில் விறகு வைப்பதற்குச் சமம். பிள்ளைகள் பாட்டுக்கும் மேலாகக் கத்துவார்கள். பாட்டு, வகுப்பு அடங்கினால் மட்டுமே கேட்கும் அளவில் இருக்கவேண்டும். அதைக் கேட்பதற்காகவே பிள்ளைகள் வாயை மூடுவார்கள்.

எந்தப் பாட்டு?

முதலாவது, சொற்கள் இல்லாத இசையாக இருக்கவேண்டும். தெரிந்த சினிமாப் பாட்டைப் போட்டால் பின் வாங்கு முழுவதும் கூடவே பாடத் தொடங்கும். பாடாவிட்டாலும், காதில் விழும் சொற்கள் மனதில் நிற்கும் சொற்களோடு மோதும். திகதியையும் தலைப்பையும் எழுதவேண்டிய பிள்ளை பாட்டின் வரியை எழுதிவிடும். புல்லாங்குழல், வீணை, வயலின் ஆகியவை நல்லவை. நாதஸ்வரம் திறந்த வெளிக்கான வாத்தியம். சிறிய கொட்டகைக்குள் அது பொருந்தாது.

இரண்டாவது, நடை. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பாட்டுக்கு விரலால் தட்டுங்கள். 15 விநாடிகளில் 15 முதல் 20 தட்டுகள் வந்தால் அது அமைதிப்படுத்தும் நடை. 30க்கு மேல் வந்தால் அது விளையாட்டுப் போட்டிக்கு உரியது.

மூன்றாவது, திடீரென்று எழும்பும் இடங்கள் இருக்கக்கூடாது. மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும்போது மத்தளமோ கஞ்சிராவோ ‘தடார்’ என்று நுழையும் பாட்டு வேண்டாம். இதற்காக ஆசிரியர் முதல்நாள் இரவு பாட்டை முழுவதும் கேட்டுப் பார்க்கவேண்டும். முதல் அரை நிமிடத்தை மட்டும் கேட்பது போதாது.

எமது மரபில் தாலாட்டுக்கு உரிய இராகம் நீலாம்பரி. தியாகராஜர் இராமனை ஊஞ்சலில் ஆட்டுவதாக அமைத்த ‘உய்யால லூகவய்ய’ என்ற கிருதி இந்த இராகத்தில் உள்ளது. அதனைப் பாடாமல் குழலிலோ வீணையிலோ வாசித்த ஒலிப்பதிவைத் தெரிவு செய்யலாம். ஆனந்தபைரவியும் நல்லது. எமது நாட்டுப்புற மெட்டுகளுக்கு அது நெருக்கமானது. மேனாட்டு இசையில், பிராம்ஸ் 1868இல் வெளியிட்ட தாலாட்டின் மெட்டு எல்லோருக்கும் ஏற்றது. ஒஸ்திரியாவில் ஓபர்ண்டோர்வ் என்னும் ஊரில் 1818ஆம் ஆண்டு நத்தார் இரவில் முதன்முதல் பாடப்பட்ட ‘அமைதி இரவு’ கீதமும் தொட்டில் ஆட்டும் நடையிலேயே அமைந்தது. ஆனால் அதைக் கேட்டதும் பிள்ளைகளுக்கு நத்தார் நினைவு வரும். பல சமயத்துப் பிள்ளைகள் படிக்கும் வகுப்பில் வேறு மெட்டைத் தெரிவதே நன்று.

ஒரு வகுப்பை எடுத்துக்கொள்வோம்

தரம் 4. பிள்ளைகள் 36 பேர். தகரக் கூரையும் கிடுகு அடைப்பும் கொண்ட கொட்டகை. அடைப்புக்கு அப்பால் தரம் 5 நடக்கிறது. ஆசிரியையிடம் ஒரு கைத்தொலைபேசியும் கையளவு ஒலிபெருக்கி ஒன்றும் இருக்கின்றன.

ஆசிரியை ஒலிபெருக்கியை முன்மேசையில் வைக்கமாட்டார். அங்கு வைத்தால் பின் வாங்குக்குக் கேட்பதற்காகச் சத்தத்தைக் கூட்டவேண்டி வரும், முன் வாங்குக்குக் காது அடைக்கும். வகுப்பின் நடுவில், மடித்த சாக்கின்மேல், தரம் 5க்கு முதுகு காட்டி வைப்பார். பின்னர் கடைசி வாங்கில் நின்று பார்ப்பார். அங்கு இருவர் குசுகுசுத்தால் பாட்டு மறையவேண்டும், அவர்கள் நிறுத்தினால் கேட்கவேண்டும். அதுவே சரியான அளவு.

பாட்டைத் தொலைபேசியில் முன்கூட்டியே சேமித்து வைத்திருப்பார். இணையத்திலிருந்து நேரே ஒலிக்கவிட்டால் நடுவில் விளம்பரம் உரத்து வந்து எல்லாவற்றையும் கெடுத்துவிடும். அழைப்பு வராதபடியும் அடைத்து வைப்பார். ஒலிபெருக்கி இல்லாதவர்கள் தொலைபேசியை வெறும் மண்சட்டிக்குள் வைக்கலாம். சத்தம் ஓரளவு கூடிப் பரவும்.

பிள்ளைகள் நுழையும்போதே பாட்டு ஒலித்துக்கொண்டிருக்கும். முதலில் வரும் மெட்டு முற்றாக மெதுவானதல்ல. ஓடிவந்த பிள்ளையின் நெஞ்சு இன்னும் வேகமாக அடித்துக்கொண்டிருக்கிறது. அதனிடம் உடனே தாலாட்டைக் கொடுத்தால் ஒட்டாது. ஆகவே மோகனத்தில் ஒரு நடுத்தர நடை மெட்டு, 15 விநாடிக்கு 25 தட்டு அளவில், ஒரு நிமிடம் ஒலிக்கும். அதற்குள் போத்தலை வைத்துவிட்டு இருக்கவேண்டும். அதன்பின் நீலாம்பரி ஒன்றரை நிமிடம். அதற்குள் கொப்பியை எடுத்துத் திகதியும் தலைப்பும் எழுதவேண்டும். பிள்ளையின் நிலையிலிருந்து தொடங்கிப் படிப்படியாக இறக்குவதே இங்குள்ள நுட்பம். இசையால் நோயாளரை ஆற்றுப்படுத்துவோரும் இம்முறையைக் கையாளுகிறார்கள்.

கடைசி 20 விநாடிகளில் ஆசிரியை சத்தத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்து நிறுத்துவார். மனதுக்குள் ஐந்து எண்ணுவார். பிறகே, தாழ்ந்த குரலில் பேசத் தொடங்குவார். பாட்டு ஒலிக்கும்போது அவர் பேசமாட்டார்.

முதற்கிழமை இந்த ஒழுங்கைப் பிள்ளைகளுக்குச் சொல்லிப் பழக்கவேண்டும். அதன்பின் அதே இரு மெட்டுகளை மாற்றாமல் வைத்திருக்கவேண்டும். மெட்டு மனதில் பதிந்ததும் எந்த இடத்தில் பாட்டு முடியும் என்று பிள்ளைகளுக்குத் தெரியும். அப்போது மெட்டே மணிக்கூடாகிவிடும்.

எங்கே பிழைக்கும்?

நீலாம்பரி 5 நிமிடத்துக்கு மேல் ஓடினால், காலையில் சாப்பிடாமல் வந்த பிள்ளை தூங்கிவிடும். பிள்ளைகள் பாட்டோடு கூடவே கதைக்கத் தொடங்கினால் அது பழகிப் பொருளிழந்துவிட்டது என்று அறியலாம். இரண்டு கிழமை நிறுத்தி, வேறு மெட்டோடு தொடங்கவேண்டும். அடுத்த வகுப்புப் பிள்ளைகள் தலையைத் திருப்பினால் சத்தம் கூடிவிட்டது. மாரியில் தகரத்தின்மேல் மழை கொட்டும்போது எந்தப் பாட்டும் கேட்காது. அன்று பாட்டை விட்டு எழுத்து வேலையோ சித்திரமோ கொடுப்பதே புத்தி.

காதில் சீழ் வடியும் பிள்ளையையும் கேட்டல் குறைந்த பிள்ளையையும் மறக்கக்கூடாது. மற்றவர்களுக்கு இதமாக இருக்கும் பின்னணி இசை, அவர்களுக்கு ஆசிரியரின் சொல்லை விழுங்கும் இரைச்சல். பாட்டை நிறுத்திய பின்னரே பேசவேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இங்கிலாந்தில் 10 முதல் 12 வயதுப் பிள்ளைகளிடம் நடத்தி 2002இல் வெளியிட்ட ஆய்வொன்றில், அமைதியான இசை கேட்டவர்கள் கணக்கைக் கூடுதலாகச் செய்தனர். கிளர்ச்சியூட்டும், பிடிக்காத இசையோ நினைவு வேலையைக் குழப்பியது. அதாவது, தவறான பாட்டு பாட்டில்லாததை விடவும் கெடுதலானது.

பெற்றோர் சொல்லவேண்டியது

எமது சமூகத்தில் இன்னுமொரு கவனம் தேவை. போர் 2009இல் முடிந்தது. இன்று தரம் 4இல் இருப்பவர்கள் அதன்பின் பிறந்தவர்கள். ஆனாலும் ஒரு குறித்த பாட்டு ஒலித்தால் அம்மா எழுந்து போய்விடுவதையும் அப்பப்பா அழுவதையும் கண்ட பிள்ளை, அந்த மெட்டைக் கேட்டதும் இறுகிப்போகும். இழவு வீட்டிலும் நினைவுநாளிலும் ஒலிபெருக்கியில் கேட்ட மெட்டுகளும் அப்படியே. அடி முழக்கமான மேளம் சில பிள்ளைகளைத் திடுக்கிட வைக்கும். எந்த மெட்டு எந்த வீட்டில் நோகும் என்பது ஆசிரியருக்குத் தெரியாது. பெற்றோர் கூட்டத்தில் அதைச் சொல்லவேண்டியவர்கள் நீங்கள்தான். பாட்டின்போது ஒரு பிள்ளை காதைப் பொத்தினால், முகம் வெளிறினால், வெளியே போகக் கேட்டால், உடனே நிறுத்திவிட்டு அந்த மெட்டை மீண்டும் போடாமல் விடவேண்டும்.

அதேவேளை, ஆற்றும் மெட்டும் உங்களிடமே உண்டு. ஊரைவிட்டு வரும்போது எதுவும் எடுத்துவராத அம்மம்மாவிடமும் தாலாட்டு இருக்கிறது. அவர் சொற்களை விட்டு மெட்டை மட்டும் முனகினால் போதும். காகம் கரைய முன்னர், விடியற்காலையில், சேலைகள் தொங்கும் அறைக்குள், வாயிலிருந்து ஒரு முழம் தள்ளித் தொலைபேசியைப் பிடித்து இரண்டு நிமிடம் பதியுங்கள். திறந்த முற்றத்தில் பதிந்தால் காற்றின் இரைச்சலும் சேரும். அந்தப் பதிவை ஆசிரியரிடம் கொடுங்கள். தொலைபேசியே இல்லாத பள்ளியில், ஆசிரியர் அந்த மெட்டைக் கற்றுக்கொண்டு, வாங்குகளுக்கிடையே மெதுவாக நடந்தபடி தானே முனகலாம். அதற்கு மின்சாரம் தேவையில்லை, சத்தமும் ஒருபோதும் அளவுக்கு மிஞ்சாது.