முன்பணமும் இரண்டு கையெழுத்தும்

மதுரையில் ஒரு சிறிய ஹார்டுவேர் கடை. வேலைக்கு இரண்டு பேர். சம்பளம், லீவு எல்லாமே அதுவரை வாய்ப்பேச்சுதான். தீபாவளிக்கு வாங்கிய 12,000 ரூபாயை போனஸ் என்று நினைத்திருந்தார் ஊழியர்; முன்பணம் என்றார் முதலாளி. யார் சொல்வது சரி என்று காட்ட ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

பாதியை விட்டுக்கொடுத்து சமாதானமான பிறகு, கடைக்காரர் முதன்முறையாகப் பணி நியமனக் கடிதம் எழுத உட்கார்ந்தார். சேர்ந்த தேதி, வேலை, மாதச் சம்பளம், வேலை நேரம், வார விடுமுறை ஆகியவை சுலபமாக வந்துவிட்டன. முன்பணம் கொடுத்தால் தனிச் சீட்டில் இருவரும் கையெழுத்திட வேண்டும், மாதம் எவ்வளவு பிடிப்பது என்பதும் அதில் இருக்க வேண்டும் என்று சேர்த்தார்.

‘எப்போது வேண்டுமானாலும் நீக்கலாம்’ என்ற வரியில்தான் தொழிலாளர் சட்டம் தெரிந்த நண்பர் நிறுத்தினார்.

“அண்ணே, இது செல்லாது. 1947-ஆம் வருஷத்து தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 41-ஆவது பிரிவைப் பாருங்க. ஆறு மாசம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணம் இல்லாம நீக்க முடியாது. ஒரு மாச நோட்டீஸோ, அதற்கான சம்பளமோ கொடுக்கணும். முறையா விசாரிச்சு தவறு நிரூபணமானா மட்டும்தான் நோட்டீஸ் தேவையில்லை.”

அந்த வரியை அடித்துவிட்டு, விலகும் ஊழியரும் ஒரு மாதம் முன்பே சொல்ல வேண்டும் என்று எழுதினார். திடீரென ஆள் நின்றால் கடை தவிக்காது. திடீரென நீக்கினால் ஊழியரின் வீடும் தவிக்காது. இரண்டு பிரதிகளிலும் இருவரும் கையெழுத்திட்டு, ஆளுக்கொன்று வைத்துக்கொண்டார்கள்.