அடி விழுந்த பக்கம்

வீடியோ கேமில் ஓடிக்கொண்டிருக்கும் வீரனின் இடது தோளில் அடி விழுகிறது. அடிபடும் அசைவை அப்படியே ஓடவிட்டால் கால்கள் நின்றுவிடும். அதனால் அந்த அசைவிலிருந்து இயல்பாக நிற்கும் நிலையைக் கழித்து, மிஞ்சும் வித்தியாசத்தை மட்டும் சேமிக்கிறார்கள். தோள் 20 டிகிரி திரும்பியிருந்தால் அந்த 20 டிகிரி மட்டும் ஓட்டத்தின் மேல் கூடும். கால்கள் ஓடிக்கொண்டே இருக்கும். அழகான யோசனை இது.

அடி வந்த திசையை வீரனின் உடலை வைத்தே அளக்க வேண்டும். முன், பின், இடம், வலம் என நான்கு அசைவுகள் இருக்கும். முன்னிடது மூலையிலிருந்து அடி வந்தால் இரண்டைப் பாதிப் பாதியாகக் கலப்பார்கள். உடலை விட்டுவிட்டு விளையாட்டு உலகின் திசையை வைத்து அளந்தால், வடக்கே பார்க்கும்போது எல்லாம் சரியாகத் தெரியும். தெற்கே திரும்பியதும் அவன் அடியை நோக்கியே சாய்வான். ஆகவே நாலா பக்கமும் திருப்பி நிறுத்தி அடித்துப் பார்ப்பார்கள்.