மூன்று படத்தில் ஒரு தலை

1860களில் பாரிஸில் பிரான்சுவா வில்லெம் என்ற சிற்பி, ஆளை நடுவில் நிறுத்திச் சுற்றிலும் 24 கேமராக்களை வைத்துப் படமெடுத்தார். ஒவ்வொரு படத்தின் வெளிக்கோட்டையும் பின்பற்றிக் களிமண்ணை வெட்டி மார்பளவுச் சிலை செய்தார். இன்றைய போட்டோகிராமெட்ரி மென்பொருளும் இப்படிப் பல கோணப் படங்களைத்தான் கேட்கிறது. அசையாமல் உட்கார்ந்தவரைச் சுற்றி வந்து நாற்பது, ஐம்பது படம் எடுத்தால், கன்னத்து மச்சம் எந்தப் படத்தில் எங்கே விழுகிறது என்று பார்த்து அதன் இடத்தைக் கணக்கிட்டுவிடும்.

ஆனால், முப்பரிமாண அச்சில் சிலை கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் இறந்துபோன ஒருவரின் இரண்டு மூன்று படங்களோடுதான் வருகிறார்கள். அங்கே வேறு வழி வேண்டும். பிளான்ஸ், வெட்டர் என்ற இருவர் 1999இல் அதைக் காட்டினார்கள். லேசரால் அளந்த 200 பேரின் தலைகளிலிருந்து ஒரு சராசரி முகத்தையும், முகங்கள் எப்படியெல்லாம் அதிலிருந்து மாறுகின்றன என்பதையும் கணக்கிட்டு வைத்தார்கள். படத்தோடு பொருந்தும்வரை கணினி அந்தச் சராசரியை வளைக்கும். படத்தில் இல்லாத பின்மண்டையும் தாடையின் அடிப்பக்கமும் அந்த 200 பேரிடமிருந்து வரும் ஊகம்தான். அவர்களோ பெரும்பாலும் ஐரோப்பிய இளவயதினர். நம்மூர் எழுபது வயதுத் தாத்தாவின் தொங்கிய தாடைச்சதை அதில் எப்படிக் கிடைக்கும்?

படமும் ஏமாற்றும். மூக்கு நுனிக்கும் காதுக்கும் இடையே ஆழம் சுமார் 12 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 30 செ.மீ. தூரத்தில் எடுத்த செல்ஃபியில், காதோடு ஒப்பிட்டால் மூக்கு 1.4 மடங்கு பெரிதாக விழும். 2 மீட்டரிலிருந்து எடுத்தால் அது வெறும் 1.06 மடங்கு. எந்தத் தூரத்தில் எடுத்தது என்று தெரியாமல் பொருத்தினால் புடைத்த மூக்கே அச்சாகிவிடும்.

மாதிரி எங்கே தவறியது என்று கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. பாஸ்போர்ட் படம், கல்யாண ஆல்பத்தில் முக்கால்வாசி திரும்பிய படம், பக்கவாட்டுப் படம் என மூன்று கிடைத்தால், பக்கவாட்டுப் படத்தைக் கணினிக்குக் காட்டக் கூடாது. மற்ற இரண்டில் செய்த மாதிரியைப் பக்கவாட்டில் திருப்பி, ஒளித்துவைத்த படத்தின் மேல் வைத்துப் பார்க்க வேண்டும். நெற்றிச் சரிவும் மோவாயும் விலகினால் கையால் திருத்த வேண்டியதுதான். என்னைக் கேட்டால், ஆள் அடையாளம் அந்தத் திருத்தத்தில்தான் வருகிறது.

பிறகு நிறம். திரையில் கச்சிதமாகத் தெரிந்த முகம் ஒரே நிறப் பிளாஸ்டிக்கில் வந்ததும் அந்நியமாகிவிடும். புருவமும் கருவிழியும் வெறும் நிறமாகவே இருந்ததால் காணாமல் போயிருக்கும். அதனால் புருவத்தைப் புடைப்பாகவும் கருவிழியைச் சிறு குழியாகவும் செதுக்க வேண்டும், தலைமுடியையும் கொத்துக் கொத்தாக. மூக்குக்கண்ணாடியை முகத்தோடு சேர்த்து அச்சிட்டால் மெல்லிய சட்டம் ஒடிந்துவிடும். கம்பியில் தனியாகச் செய்து மாட்டுவதே நல்லது.