போனுக்குத் தெரியும் நாடித்துடிப்பும் தெரியாத ரத்த அழுத்தமும்

அன்புள்ள அப்பாவுக்கு,

நேற்று போனில் நீங்கள் கேட்ட கேள்விக்கு அரைகுறையாகப் பதில் சொல்ல மனம் வரவில்லை. நிதானமாகப் படித்து, சந்தேகம் வந்தால் மறுபடியும் எடுத்துப் பார்க்க வசதியாக இருக்கட்டும் என்று எழுதியே அனுப்புகிறேன்.

போனில் இருக்கும் செயலி உங்கள் ரத்த அழுத்தம் 121/79 என்கிறது. அதே நாள் சாயங்காலம் மருந்துக்கடை மெஷினில் 156/94. செயலி சொல்வது சரியென்றால் பிபி மாத்திரையைப் பாதியாக்கிக்கொள்ளலாமா என்று கேட்டீர்கள். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். டாக்டரிடம் கேட்காமல் மாத்திரையில் கை வைக்காதீர்கள். ஏன் என்பதை இனி சொல்கிறேன். ஆஸ்பத்திரிக் கருவிகளைச் சரிபார்ப்பதுதான் என் அன்றாட வேலை என்பதால், இதை விளக்க வேண்டியது என் கடமையும்கூட.

உடம்பைப் பற்றி உங்கள் போன் நேரடியாக அறிந்துகொள்ள முக்கியமாக இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று அசைவு, இன்னொன்று வெளிச்சம். திரையில் ஓர் எண்ணைப் பார்த்தால், இந்த இரண்டில் எதிலிருந்து அது வந்திருக்க முடியும் என்று கேளுங்கள். எதிலிருந்தும் வர முடியாது என்றால் அது அளந்த எண் அல்ல.

அசைவை எடுத்துக்கொள்வோம். போனுக்குள் நகத்தைவிடச் சிறிய ஒரு சில்லு, போன் எந்தப் பக்கம் எவ்வளவு வேகமாகக் குலுங்குகிறது என்பதைக் கவனித்துக்கொண்டே இருக்கிறது. நாம் நடக்கும்போது குலுக்கல் ஒரே சீராக வரும். அந்தச் சீரைத்தான் போன் காலடிகளாக எண்ணுகிறது. காலையில் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு குளக்கரையைச் சுற்றி வருகிறீர்களே, அந்தக் கணக்கு பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனால் கோயில் வரிசையில் மெல்ல மெல்ல நகரும்போது சீர் இருக்காது, அதனால் பல அடிகள் விட்டுப்போகும். சைக்கிள் மிதிப்பதைக் காலடிக் கணக்கு சரியாகப் பிடிக்காது. போனை சார்ஜில் போட்டுவிட்டுத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்தால் அந்த உழைப்பு கணக்கிலேயே வராது. ஆகவே நேற்றைவிட இன்று அதிகம் நடந்தோமா என்று பார்க்க அந்த எண் போதும். எத்தனை கலோரி செலவானது என்று கீழே காட்டுகிறதே, அதை வைத்துச் சாப்பாட்டைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். காலடியையும் உங்கள் எடையையும் வைத்து உத்தேசமாகப் போட்ட கணக்கு அது.

பத்தாயிரம் அடி நடக்கவில்லையே என்ற கவலையும் வேண்டாம். 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு காலடி எண்ணும் கருவிக்கு ‘பத்தாயிரம் அடி’ என்று பொருள்படும் பெயர் வைத்தார்கள். அந்த இலக்கு பரவியது அப்படித்தான். டாக்டர்கள் ஆராய்ந்து கண்ட எல்லை அல்ல.

அடுத்தது வெளிச்சம். கேமராவின் மேல் விரலை வைத்ததும் ஃபிளாஷ் எரிகிறது இல்லையா? அந்த வெளிச்சம் விரல் சதைக்குள் புகுந்து கேமராவுக்கு வருகிறது. இதயம் ஒருமுறை துடித்ததும் விரலுக்குக் கொஞ்சம் ரத்தம் கூடுதலாக வரும். ரத்தம் வெளிச்சத்தை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் கேமராவுக்குத் தெரியும் படம் ஒரு நொடி மங்கி, மறுபடி தெளியும். நம் கண்ணுக்குத் தெரியாத இந்த ஏற்ற இறக்கத்தைக் கேமரா பிடித்துவிடும். நிமிடத்துக்கு எத்தனை முறை மங்குகிறது என்று எண்ணினால் நாடித்துடிப்பு வந்துவிடுகிறது. அசையாமல் உட்கார்ந்து, விரலை மென்மையாக வைத்தால் இது நம்பத்தக்க அளவுதான். அழுத்திப் பிடித்தால் விரலிலுள்ள ரத்தம் ஒதுங்கிவிடும். விரல் சில்லிட்டிருந்தாலும் துடிப்பு சரியாகத் தெரியாது. மணிக்கட்டில் நாடி பிடித்து ஒரு முழு நிமிடம் எண்ணிப் பாருங்கள், இரண்டும் ஒத்துப்போகும். துடிப்பு விட்டுவிட்டு வருவதாகக் கைக்குத் தெரிந்தால் மட்டும் செயலியின் எண்ணை நம்பாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

அப்படியானால் அதே வெளிச்சத்தில் ரத்த அழுத்தம் ஏன் தெரியாது? மங்கல் எத்தனை முறை வருகிறது என்பது இதயத்தின் கணக்கு. எவ்வளவு ஆழமாக மங்குகிறது என்பதோ அழுத்தத்தை மட்டும் பொறுத்ததல்ல. ரத்தக்குழாய் எவ்வளவு விறைத்திருக்கிறது, விரல் சூடாக இருக்கிறதா, நீங்கள் எவ்வளவு அழுத்துகிறீர்கள், எல்லாம் அதில் கலந்துவிடும். 120 இருப்பவர் விரலும் 160 இருப்பவர் விரலும் கேமராவுக்கு ஒன்றுபோலவே தெரியலாம்.

அழுத்தத்தை அளக்க எதிர் அழுத்தம் வேண்டும். பிபி மெஷினின் பட்டை கையை இறுக்கி, ரத்த ஓட்டத்தை நிறுத்திவிட்டு, பிறகு மெல்லத் தளர்த்துகிறது. ரத்தம் மறுபடி முட்டிக்கொண்டு பாயும்போது பட்டைக்குள் எழும் அதிர்விலிருந்துதான் மேல் எண்ணும் கீழ் எண்ணும் கிடைக்கின்றன. விரலை மேலே வைப்பதோடு சரி என்றால் இறுக்குவதற்கு அங்கே எதுவும் இல்லை.

உங்கள் செயலி தொடங்கும்போதே வயது, உயரம், எடை எல்லாம் கேட்டது என்றீர்கள். அந்த விவரங்களை வைத்து, அப்படிப்பட்ட ஒருவருக்கு வழக்கமாக இருக்கக்கூடிய அழுத்தத்தை ஊகித்துச் சொல்லிவிட முடியும். மாடிப்படி ஏறி வந்ததும் பார்த்தீர்கள், மத்தியானம் தூங்கி எழுந்ததும் பார்த்தீர்கள், எப்போதும் 118-க்கும் 124-க்கும் நடுவில்தான். நிஜ ரத்த அழுத்தம் ஒரே நாளில் இருபது புள்ளிகூட ஏறி இறங்கும். அசையாத எண்தான் எனக்கு முதல் சந்தேகத்தைக் கொடுத்தது.

இது நடக்காத விஷயம் அல்ல. அமெரிக்காவில் ‘இன்ஸ்டன்ட் பிளட் பிரஷர்’ என்ற செயலியை ஆயிரக்கணக்கானோர் காசு கொடுத்து வாங்கினார்கள். 2016-ல் டாக்டர்கள் அதைச் சரியான மெஷினோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ரத்த அழுத்தம் நிஜமாகவே அதிகமாக இருந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பேருக்கு, பயப்பட ஒன்றுமில்லை என்றே அது காட்டியிருந்தது. அந்த நான்கு பேரில் ஒருவராக நீங்கள் இருந்துவிடக் கூடாது அப்பா.

ஆனால் மருந்துக்கடையின் 156-ஐயும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். வெயிலில் நடந்து போய், கடைக்காரரோடு பேசிக்கொண்டே, கையைத் தொங்கவிட்டபடி எடுத்தது அது. பேசுவதாலேயே பத்துப் புள்ளி ஏறலாம், கை இதய மட்டத்துக்குக் கீழே தொங்கினாலும் ஏறும். இரண்டு எண்ணில் எது சரி என்று கேட்டீர்கள். இரண்டையும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது என்பதுதான் பதில்.

மேல்கையில் பட்டை சுற்றும் மெஷின் ஒன்றைத் தம்பியிடம் வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன். பட்டை உங்கள் கைக்குச் சின்னதாக இருந்தால் எண் கூடுதலாகக் காட்டும் என்பதால் கையின் சுற்றளவை அளந்து அவனுக்குச் சொல்லிவிடுங்கள். காலையில் மாத்திரைக்கும் டிபனுக்கும் முன்னால், சிறுநீர் கழித்துவிட்டு, நாற்காலியில் முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் ஊன்றி ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். அதற்கு முன் அரை மணி நேரம் காபி வேண்டாம். கையை மேஜைமேல் வைத்து ஒருமுறை எடுங்கள், ஒரு நிமிடம் விட்டு இன்னொரு முறை. சாயங்காலமும் அப்படியே. ஏழு நாள் எழுதி வையுங்கள், நன்றாக இருப்பதை மட்டும் எழுதாமல் எல்லாவற்றையும். முதல் நாளை விட்டுவிட்டு மீதி 24 அளவுகளுக்குச் சராசரி போடுங்கள். வீட்டில் எடுக்கும்போது சராசரி 135/85-ஐ எட்டினாலோ தாண்டினாலோ அதிகம் என்று கணக்கு.

சர்க்கரை அளவும் இப்படித்தான். குத்தாமல் சர்க்கரை பார்க்கும் போன் செயலி என்று யார் அனுப்பினாலும் இறக்கிக்கொள்ளாதீர்கள். நெஞ்சு வலித்தாலோ மூச்சு முட்டினாலோ போனில் நாடித்துடிப்பு 76 என்று காட்டுகிறதே என்று உட்கார்ந்திருக்கக் கூடாது. மாரடைப்பு அந்த எண்ணில் தெரியாது. அதே போனில் 108-ஐ அழையுங்கள்.

டாக்டரைப் பார்க்கப் போகும்போது நோட்டோடு மெஷினையும் எடுத்துப் போங்கள். அவருடைய கருவியில் ஒருமுறை, நம்முடையதில் ஒருமுறை எடுத்து ஒப்பிடச் சொல்லுங்கள். மாத்திரையைக் குறைப்பதா, கூட்டுவதா, அப்படியே விடுவதா என்பதை அந்த நோட்டைப் பார்த்து அவர் சொல்லட்டும். அதுவரை வழக்கம்போல ஒன்று போட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் அன்பு மகள்