ஒரே பாஸ்புக்கில் இரண்டு பென்ஷன்

பி.காம். படித்துவிட்டு ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். ஜூன், ஜூலையில் மட்டும் கடை விட்டு வந்த பிறகு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வருமான வரி ரிட்டர்ன் போட்டுத் தருவேன். கூலி 300 ரூபாய். சம்பளக்காரர் ஃபார்ம் 16-ஐ நீட்டினால் அரை மணியில் வேலை முடிந்துவிடும். பென்ஷன்காரர்கள் மஞ்சப்பையோடு வருவார்கள். அதைப் பாயில் கொட்டிப் பிரிப்பதற்கே அரை மணி ஆகும்.

இந்த முறை வந்தவர் ஓய்வுபெற்ற டீச்சர். கணவரும் வாத்தியாராக இருந்தவர், இறந்து மூன்று வருடம் ஆகிறது. "தம்பி, 5,200 ரூபாய் வரி கட்டணுமாம். பன்னிரண்டு லட்சம் வரைக்கும் வரி இல்லைன்னுதானே சொல்றாங்க?" என்றார். வேறொரு இடத்தில் போட்டுத் தந்த கணக்கு கையில் இருந்தது.

பாஸ்புக்கைப் புரட்டினேன். மாதம் இரண்டு வரவு. ஒன்று 45,000, அவருடைய சொந்தப் பென்ஷன். இன்னொன்று 35,000, கணவர் வழியில் வரும் குடும்பப் பென்ஷன். முன்பு கணக்குப் போட்டவர் இரண்டையும் கூட்டி 9,60,000 என்று சம்பளக் கட்டத்தில் எழுதியிருந்தார். பிசகு அங்கேதான்.

சொந்தப் பென்ஷன் வரிச் சட்டத்தில் சம்பளம்தான். அதில் புதிய வரி முறையில் 75,000 ரூபாய் நிலையான கழிவு உண்டு. குடும்பப் பென்ஷனோ சம்பளம் இல்லை. அந்த அம்மாள் அந்த வேலையைப் பார்க்கவில்லையே! அது 'பிற வருமானம்' என்ற தலைப்பில் போகும். அதற்குத் தனிக் கழிவு: வந்த தொகையில் மூன்றில் ஒரு பங்கு அல்லது 25,000, எது குறைவோ அது. ஃபார்ம் 16 சம்பளத்துக்கு உரியது என்பதால், குடும்பப் பென்ஷனுக்கு அதைக் கேட்டு பேங்குக்கு நடப்பதில் பயனில்லை. பாஸ்புக்தான் ஆதாரம்.

2025-26 நிதியாண்டுக்கான கணக்கைத் திரும்பப் போட்டேன். சொந்தப் பென்ஷன் 5,40,000. 75,000 போக 4,65,000. குடும்பப் பென்ஷன் 4,20,000. 25,000 போக 3,95,000. டெபாசிட் வட்டி 3,12,000, சேமிப்புக் கணக்கு வட்டி 8,000. மொத்தம் 11,80,000. பன்னிரண்டு லட்சத்துக்குள் இருப்பதால் வரித் தள்ளுபடி முழுதாகக் கிடைத்து வரி பூஜ்யம். முந்தைய கணக்கில் அந்த 25,000 விட்டுப்போய் 12,05,000 ஆகியிருந்தது. எல்லையைத் தாண்டிய 5,000-மும் அதன் மேல் 4 சதவீத செஸ்ஸும் சேர்ந்ததுதான் அந்த 5,200.

"அப்போ ரிட்டர்னே வேண்டாமில்ல?" என்றார் டீச்சர். வரி இல்லை என்பது வேறு, ரிட்டர்ன் வேண்டாம் என்பது வேறு. வருமானம் 4 லட்சத்தைத் தாண்டினால் ரிட்டர்ன் போட்டாக வேண்டும். அவருக்கு அதில் லாபமும் இருந்தது. டெபாசிட் வட்டியில் பேங்க் 10 சதவீதம், அதாவது 31,200 ரூபாய் பிடித்திருந்தது. 26AS படிவத்தில் அந்தத் தொகை அப்படியே இருந்தது. ரிட்டர்ன் போட்டால்தான் திரும்பி வரும்.

வருமான வரி இணையதளத்தில் படிவத்தைத் திறந்தால் பாதி விவரம் தானாகவே நிரம்பியிருக்கும். அதை நம்பி அப்படியே அனுப்புகிறவர்கள் உண்டு. டீச்சர் படிவத்தில் குடும்பப் பென்ஷன் இல்லவே இல்லை. வரி பிடிக்காத தொகை பல நேரம் அதில் ஏறாது. Income from Other Sources பகுதியில் Family Pension என்பதைத் தேர்ந்தெடுத்து நானே சேர்த்தேன். வட்டியை ஏ.ஐ.எஸ். என்ற ஆண்டுத் தகவல் அறிக்கையோடு ஒப்பிட்டேன். மகளுக்குத் தெரியாமல் வேறொரு பேங்கில் போட்ட டெபாசிட் ஏதாவது இருந்தால் அதில்தான் தலைகாட்டும். (ஒரு முறை அப்படித் தலைகாட்டி, ஒரு வீட்டில் நான் இருக்கும்போதே சண்டை வந்தது.)

கடைசியில் ஒரு முட்டுக்கட்டை. ரிட்டர்னை அனுப்பினால் மட்டும் போதாது, 30 நாளுக்குள் அதை உறுதி செய்ய வேண்டும். ஆதார் ஓ.டி.பி.யில் முடிக்கலாம் என்று பார்த்தால், அந்த எண் இறந்துபோன கணவருடைய போனுக்கு உரியது; அந்த சிம் எப்போதோ செத்துவிட்டது. எனவே ஐ.டி.ஆர்.-வி தாளை அச்செடுத்து, டீச்சரிடம் கையெழுத்து வாங்கி, பெங்களூரில் உள்ள மத்திய செயலாக்க மையத்துக்கு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பச் சொன்னேன். தாமதித்தால், உறுதி செய்த நாளே ரிட்டர்ன் போட்ட நாளாகிவிடும். அது ஜூலை 31-ஐத் தாண்டினால், அவர் வருமானத்துக்கு 5,000 ரூபாய் தாமதக் கட்டணம்.

அடுத்த வருடம் இந்த 31,200-ஐப் பிடிக்கவிடாமலே செய்யலாம். மொத்த வரி பூஜ்யமாக வரும் என்று கணித்த மூத்த குடிமக்கள் நிதியாண்டின் தொடக்கத்திலேயே பேங்கில் உறுதிமொழிப் படிவம் தரலாம். முன்பு அதன் பெயர் 15எச். இதைச் சொன்னதும் டீச்சர் டெபாசிட் ரசீது வைத்திருந்த கவரை எடுத்தார். "ஏப்ரல் முதல் வாரம், பேங்க்" என்று அதன் மேல் எழுதி, இரண்டு கோடு போட்டு அடிக்கோடிட்டார்.