மணிக்கொரு நாப்கின் நனைந்தால்

இரவு 8 மணிக்குப் புது நாப்கின் வைத்தார். 8.50-க்கு அது முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரை முழுக்க நனைந்து, ஓரத்தில் கசிந்தது. மாற்றினார். 9.40-க்கு அடுத்ததும் அதே நிலை. கூடவே எலுமிச்சை அளவில் ஒரு ரத்தக்கட்டி. வயது 43. கடந்த மூன்று மாதமாக மாதவிடாயே வரவில்லை. "நிக்கப்போற வயசுல இப்படித்தான் கொட்டும், படுத்துத் தூங்கு, காலையில பார்க்கலாம்" என்கிறார் மாமியார்.

இது கற்பனைப் பெண்தான். ஆனால் மகப்பேறு மருத்துவர்களுக்கு இந்தக் கதை நன்றாகப் பழகியது. இந்தப் பெண் காலை வரை காத்திருக்கலாமா என்பதுதான் கேள்வி. கூடாது என்பதே பதில்.

மாதவிடாயில் ஒரு பெண் இழக்கும் ரத்தம், அத்தனை நாளுக்கும் சேர்த்தே, சராசரியாக 30 முதல் 40 மில்லிதான். 80 மில்லியைத் தாண்டினால் மருத்துவர்கள் அதை அதிக உதிரப்போக்கு என்பார்கள். வீட்டில் யாரும் மில்லியில் அளக்க முடியாது என்பதால்தான் நாப்கினும் கடிகாரமும் அளவுகோலாயின. மணிக்கு ஒன்றோ அதற்கு மேலோ நனைந்து, அது தொடர்ந்து இரண்டு மணி நேரம் நீடித்தால், அது அவசர நிலை.

'நனைவது' என்பதில்தான் பலருக்கும் குழப்பம். கறை பட்டவுடன் அருவருப்பாக இருக்கிறதென்று மாற்றுவது கணக்கில் வராது. பஞ்சு முழுக்க ரத்தத்தை உறிஞ்சி, மேற்கொண்டு தாங்காமல் கசிய வேண்டும். துணி வைப்பவர்களுக்கும் இதே கணக்கு. மாதவிடாய்க் கப் பயன்படுத்துபவருக்கு, கப் ஒரு மணி நேரத்தில் நிரம்புவதே எச்சரிக்கை. அதில் பொதுவாக 20 முதல் 30 மில்லி வரை பிடிக்கும் என்பதால் அது இன்னும் பெரிய இழப்பு.

சிலர் இரண்டு மணி நேரம்கூடப் பொறுக்கக் கூடாது. கர்ப்பிணிகளும், பிரசவமான சில வாரங்களுக்குள் இருப்பவர்களும் ஒரே மணி நேரத்தில் ஒரு நாப்கின் நனைந்தாலே கிளம்ப வேண்டும். மயக்கம், படபடப்பு, மூச்சு வாங்கல், குளிர்ந்து பிசுபிசுக்கும் தோல், பேச்சில் தடுமாற்றம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும், எத்தனை நாப்கின் ஆயிற்று என்று எண்ணிக்கொண்டிருக்கக் கூடாது.

நாப்கின் கணக்கே ஏமாற்றிவிடும் நிலை ஒன்றும் உண்டு. கருப்பைக்குள் தங்க வேண்டிய கரு, கருக்குழாயிலேயே வளர்ந்து குழாயை வெடிக்கச் செய்யும்போது ரத்தம் வயிற்றுக்குள் தேங்கும். வெளியே நாப்கினில் சில சொட்டுகள் மட்டுமே தெரியலாம். நாள் தள்ளிப்போய், அடிவயிற்றில் ஒரு பக்கம் கடுமையாக வலித்து, தோள்பட்டை நுனியிலும் வலி வந்து, எழுந்தால் தலை சுற்றினால், நாப்கின் காய்ந்திருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நம் 43 வயதுப் பெண்ணிடம் வருவோம். அவர் தெளிவாகப் பேசுகிறார், ரத்த அழுத்தமும் சரியாக இருக்கிறது. வீட்டார் இதை நம்பிவிடுவதுதான் ஆபத்து. 50 கிலோ எடையுள்ள பெண்ணின் உடலில் சுமார் 3.25 லிட்டர் ரத்தம் ஓடுகிறது. அதில் அரை லிட்டர் போனாலும், இதயம் வேகமாகத் துடித்தும் ரத்தநாளங்கள் சுருங்கியும் அழுத்தத்தைத் தாங்கிப்பிடிக்கும். கிட்டத்தட்ட ஒரு லிட்டர் போன பிறகே அழுத்தம் சரியும் என்பது பல நேரங்களில் நடப்பது. அப்படிச் சரியும்போது சட்டென்று சரியும். அதற்கு முன்பே காட்டிக்கொடுப்பது நாடித்துடிப்பு. படுத்திருக்கும்போதே நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டினால் உடல் இழப்பை ஈடுகட்டத் திணறுகிறது என்று பொருள். மணிக்கட்டில் விரல் வைத்து 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்கினால் போதும்.

ஏற்கெனவே ரத்தசோகை உள்ளவருக்கு இந்தக் கையிருப்பும் குறைவு. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது.

அப்படியானால் 9.40-க்கு அந்த வீட்டில் என்ன நடக்க வேண்டும்? முதலில் அவரைப் படுக்க வைத்து, பாதங்களைத் தலையணை மேல் தூக்கி வைக்க வேண்டும். கழிவறைக்குத் தனியாக அனுப்பக் கூடாது. இப்படிப்பட்டவர்கள் மயங்கி விழுவது பெரும்பாலும் அங்கேதான். தமிழ்நாட்டில் என்றால் 108-ஐ அழைத்து, "ஒன்றே முக்கால் மணி நேரத்தில் இரண்டு நாப்கின் முழுக்க நனைந்துவிட்டது, கட்டியும் வந்தது, நாடி 112" என்று எண்களாகச் சொல்ல வேண்டும். "பீரியட்ஸ் கொஞ்சம் அதிகம்" என்று கூச்சத்தோடு சொன்னால் அவசரம் புரியாது. நோயாளியே வண்டி ஓட்டவும், ஸ்கூட்டர் பின்னால் உட்காரவும் கூடாது.

ரத்தத்தை அடைப்பதாக எண்ணி உள்ளே துணியோ பஞ்சோ திணிக்கக் கூடாது. வலிக்கு ஆஸ்பிரின் வேண்டாம், அது ரத்தம் உறைவதைத் தடுக்கும். மயக்க மருந்து கொடுத்துச் சிகிச்சை செய்ய நேரலாம் என்பதால் சாப்பாடு கூடாது. தாகமெடுத்தால் ஒரு வாய் தண்ணீர் போதும். நனைந்த நாப்கின்களையும் வெளிவந்த கட்டியையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்வது மருத்துவருக்கு உதவும். சாப்பிட்டுவரும் மாத்திரைச் சீட்டுகளும் கூடவே போகட்டும். ரத்தம் உறையாமலிருக்கத் தரப்படும் மாத்திரைகள் இருந்தால் அதை முதலிலேயே சொல்ல வேண்டும்.

மருந்துக்கடையில் ரத்தத்தை நிறுத்த மாத்திரை கேட்டு வாங்குவதும் நம்மூர்ப் பழக்கம். கடைக்காரர் தருவது பெரும்பாலும் டிரானெக்சாமிக் அமிலம். ஜப்பானிய ஆய்வாளர் உடாகோ ஒகாமோட்டோவும் அவரது கணவர் ஷோசுகேவும் 1960-களில் கண்டறிந்த நல்ல மருந்து அது. ஆனால் காலிலோ நுரையீரலிலோ முன்பு ரத்தம் உறைந்தவருக்கு அது ஆபத்து. வெடித்த கருக்குழாய்க்கு அது சிகிச்சையும் ஆகாது.

மருத்துவமனையில் முதலில் கையில் ஊசிக்குழாய் போட்டுத் திரவம் ஏற்றுவார்கள், ரத்த வகை பார்ப்பார்கள். 43 வயதானாலும் கர்ப்பப் பரிசோதனை செய்வார்கள். அதில் சங்கடப்பட ஒன்றுமில்லை. ஹீமோகுளோபின் 11 என்று வந்துவிட்டால் உறவினர்கள் நிம்மதியடைவதுண்டு. ரத்தம் போன முதல் சில மணி நேரத்தில் அந்த எண் இழப்பைக் காட்டாது. மீதி ரத்தத்தில் உடலின் நீரோ, ஏற்றிய திரவமோ கலந்து அது நீர்த்த பிறகுதான் எண் இறங்கும். அதனால்தான் சில மணி நேரம் கழித்து மறுபடி ரத்தம் எடுக்கிறார்கள்.

இந்தப் பெண்ணுக்கு மூன்று மாதம் கருமுட்டை வெளியாகாததால் கருப்பையின் உள்சுவர் தடித்துப்போய், இப்போது தாறுமாறாக உதிர்ந்திருக்கலாம். நார்க்கட்டி, தைராய்டு, ரத்தம் உறைவதில் குறைபாடு ஆகியவையும் காரணமாகலாம். ஹார்மோன் மாத்திரையில் பலருக்கும் போக்கு கட்டுப்படும். நிற்காவிட்டால் கருப்பைக்குள் பலூன் வைத்து அழுத்துவதோ, உள்சுவரைச் சுரண்டி எடுப்பதோ அடுத்த வழி.

ரத்தம் நின்றதும் வீடு திரும்பிவிட்டால் பாதி வேலைதான் முடிந்தது. காரணம் கண்டுபிடிக்க ஸ்கேனும் தைராய்டு சோதனையும், இழந்ததை ஈடுசெய்யச் சில மாதங்களுக்கு இரும்புச்சத்து மாத்திரையும் தேவை. 45 வயதைத் தொட்டவர்களுக்குக் கருப்பை உள்சுவரிலிருந்து சிறு துண்டு எடுத்துப் புற்றுநோய் இல்லையென்று உறுதி செய்துகொள்ள வேண்டும். மருத்துவர் எழுதிக்கொடுத்த அந்தத் தேதியைத் தள்ளிப்போடாதீர்கள்.