‘இந்த மாசமும்’ என்று எழுதாதீர்கள்

கீழ்ப் போர்ஷனில் குடியிருப்பவருக்கு ஒருமுறை, “இந்த மாசமும் வாடகை வரலையே சார்?” என்று வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன். அரை மணி நேரத்தில் பணம் வந்துவிட்டது. ஆனால் அடுத்த பத்து நாளும் வாசலில் என்னைக் கண்டால், செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டார் மனிதர். பிறகுதான் அனுப்பியதைத் திரும்பப் படித்தேன். தப்பு அந்த ‘உம்’மில் இருந்தது. ‘இந்த மாசம்’ என்றால் ஒரு மாதக் கணக்கு. ‘இந்த மாசமும்’ என்றால் போன வருஷத்துத் தாமதமெல்லாம் சேர்ந்து வந்து நிற்கிறது.

இன்னொன்றும் கவனித்தேன். “நீங்க இன்னும் தரலை” என்றால் ஆளைச் சுட்டுகிறோம். “வாடகை இன்னும் வந்து சேரலை” என்றால் பணத்தைப் பற்றித்தான் பேச்சு. அவர் அனுப்பி, அது ஜிபேயில் பாதி வழியில் நின்றிருக்கவும் கூடுமே.

சங்கடத்துக்குப் பயந்து குழைந்து எழுதுவதும் உதவாது. “கொஞ்சம் பாத்துக்கங்க சார்” என்றால், பத்தாம் தேதிக்குமேல் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் படிப்பவருக்குத் தோன்றும். “எனக்கும் லோன் கட்டணும்” என்பது அதைவிட மோசம்; வாடகை அப்போதே உதவியாகிவிடுகிறது. எந்த மாதம், எவ்வளவு, எந்தத் தேதி என்ற மூன்றும் இருந்தால் போதும். மாதத்தைப் பெயர் சொல்லியே எழுத வேண்டும். நவம்பரில் தருவது அக்டோபர் வாடகையா, நவம்பர் அட்வான்ஸா என்று பின்னால் தகராறு வருவது அதனால்தான்.

இப்போது 3-ஆம் தேதி காலையில் நான் அனுப்புவது இது:

“வணக்கம் சார். அக்டோபர் வாடகை 12,000, மெயின்டனன்ஸ் 800, மொத்தம் 12,800 ரூபாய். 5-ஆம் தேதிக்குள் வழக்கமான நம்பருக்கு அனுப்பிடுங்க. ஏற்கெனவே அனுப்பியிருந்தா சொல்லுங்க, பாத்துடறேன்.”

தேதி தாண்டினால், 6-ஆம் தேதி இன்னும் சுருக்கமாக: “சார், அக்டோபர் வாடகை 12,800 இன்னும் வந்து சேரலை. எந்தத் தேதிக்கு எதிர்பார்க்கலாம்?” ஏன் என்று நான் கேட்பதில்லை. கேட்டால் அவர் மாமனாரின் ஆஸ்பத்திரிச் செலவைச் சொல்ல வேண்டியிருக்கும். கேட்ட பிறகு நமக்கும் வாய் வராது. “பாதி இப்ப, மீதி 15-க்குள்ள” என்று பதில் வந்தால், “சரி சார். இப்ப 6,400, 15-ஆம் தேதிக்குள் 6,400” என்று எழுதி வைத்துவிடுவேன். அதற்கும் வராவிட்டால் போன்தான். மூன்றாவது மெசேஜ் எப்படி எழுதினாலும் மிரட்டலாகத்தான் தொனிக்கும்.

அபார்ட்மென்ட் குரூப்பில் போடவே கூடாது. அவர் எடுக்கவில்லை என்று அவர் மனைவி நம்பருக்கு அனுப்புவதும் அப்படித்தான். அக்ரிமென்ட் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு மட்டும்.

பணம் வந்ததும் பல ஓனர்கள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவதோடு சரி. “12,800 வந்தது. அக்டோபர் கணக்கு முடிஞ்சது. நன்றி சார்” என்று எழுதிவிடுங்கள். வாடகைக்கு ரசீது தர வேண்டும் என்று தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டமே சொல்கிறது.